சளியா, ஃப்ளூவா? எப்போது தொடங்கியது என்று கேளுங்கள்

காய்ச்சல் வந்தவரிடம் முதலில் கேட்க வேண்டியது, "எப்போ ஆரம்பிச்சது?" என்பதுதான். "நேத்து மதியம் சாப்பிடும்போது நல்லாத்தான் இருந்தேன், மூணு மணிக்கு மேல குளிர ஆரம்பிச்சது, சாயங்காலம் எழுந்திருக்கவே முடியல" என்று நேரத்தோடு சொன்னால் ஃப்ளூவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சாதாரண சளி அப்படி வராது. முதல் நாள் தொண்டை கரகரப்பு, அப்புறம் தும்மல், மூக்கு ஒழுகல் என்று மெதுவாக ஏறும். பெரியவர்களுக்குச் சளியில் காய்ச்சல் பெரும்பாலும் வராது, வந்தாலும் லேசாகவே இருக்கும்.

ஃப்ளூவில் காய்ச்சல் 101, 102 டிகிரிக்கு மேல் போய் மூன்று நான்கு நாள் நீடிக்கும். முதுகும் கால்களும் அடித்துப்போட்டதுபோல வலிக்கும், கண்ணை அசைத்தாலும் வலி தெரியும். ஆனால் முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் ஃப்ளூ வரலாம். குழந்தைகளுக்கோ வெறும் சளியிலேயே காய்ச்சல் அடிக்கும். கோவிட், டெங்கு காய்ச்சலும் இதேபோல் தொடங்கலாம் என்பதால் உறுதிசெய்யப் பரிசோதனைதான் வழி.

தொடங்கிய நேரத்தைக் குறித்து வையுங்கள். ஃப்ளூவுக்கான வைரஸ் எதிர்ப்பு மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். கர்ப்பிணிகள், முதியவர்கள், ஆஸ்துமா, சர்க்கரை நோய் உள்ளவர்கள் அன்றே மருத்துவரைப் பாருங்கள். குறைந்த காய்ச்சல் மறுபடி ஏறினாலோ மூச்சு வாங்கினாலோ, யாராக இருந்தாலும் உடனே போக வேண்டும், நிமோனியாவாக இருக்கலாம்.