ஷோகாஸ் நோட்டீஸுக்குப் பதில்: நடந்ததை ஒத்துக்கொண்டு, நடக்காததை மறுப்பது எப்படி?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் என் மச்சானுக்கு ஷோகாஸ் நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள். பதிலை இருவரும் உட்கார்ந்துதான் எழுதினோம்.

நோட்டீஸில் மூன்று புகார்கள். 14-ஆம் தேதி 40 நிமிடம் தாமதம், அதுவும் வழக்கமாகவே தாமதமாக வருகிறார். சூப்பர்வைசர் சொன்ன வேலையைச் செய்ய மறுத்துத் தகாத வார்த்தை பேசினார். ஆறு பெட்டிகளில் சைஸ் மாற்றி அடுக்கி, கம்பெனிக்கு 42,000 ரூபாய் நஷ்டம் ஏற்படுத்தினார். மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும்.

1. வாங்கும்போது

கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி, தேதியும் நேரமும் போடுங்கள். அப்படிப் போடுவது புகாரை ஒத்துக்கொள்வது ஆகாது. வாங்க மறுத்தால் "மறுத்துவிட்டார்" என்று குறித்துக்கொண்டு தபாலில் அனுப்புவார்கள், அவ்வளவுதான். நாள் போதாது என்றால், கெடு முடிவதற்கு முன்பே எழுத்தில் அவகாசம் கேளுங்கள். புகார்க் கடிதம், பஞ்ச் பதிவு, பேக்கிங் லிஸ்ட் நகல்களையும் அதே கடிதத்தில் கேட்டுவிடலாம்.

2. ஒவ்வொரு புகாரையும் இரண்டாக உடைப்பது

நாங்கள் அதிக நேரம் செலவிட்டது இங்கேதான். ஒரு புகாருக்குள் நடந்த செயல் ஒன்று இருக்கும், அதன்மேல் ஒட்டிய சொல் ஒன்று இருக்கும்: "வழக்கமாக", "வேண்டுமென்றே", "கீழ்ப்படியாமல்" என்று. செயல் உண்மையாக இருக்கலாம், ஒட்டிய சொல் பொய்யாக இருக்கலாம். ஒரு நாள் தாமதமும் வழக்கமான தாமதமும் ஒழுங்கு நடவடிக்கையில் ஒன்றல்ல. அதனால் முதல் புகாருக்கு இப்படி எழுதினோம்:

"14-ஆம் தேதி காலை 8.30-க்குப் பதில் 9.10-க்கு வந்தேன் என்பது உண்மை. பல்லடத்திலிருந்து வரும் பஸ் வழியில் நின்றுவிட்டது. அந்தத் தாமதத்துக்கு வருந்துகிறேன். வழக்கமாகத் தாமதமாக வருகிறேன் என்பதை மறுக்கிறேன். கடந்த மூன்று மாத வருகைப் பதிவைப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

"அந்தத் தாமதத்துக்கு" என்ற சொல்லைக் கவனியுங்கள். பணிவாக இருக்கட்டும் என்று கடைசியில் "என் தவறுகளை மன்னித்துவிடுங்கள்" என்று பொதுவாக எழுதினால், மூன்று புகாரையும் ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. தெளிவாக ஒத்துக்கொண்ட குற்றத்துக்குத் தனி விசாரணை தேவையில்லை என்று நிர்வாகம் சொல்லலாம். வருத்தம் எதற்கோ அதற்கு மட்டும்.

இரண்டாவது புகாரில் விவரமே இல்லை. எந்த வார்த்தை, யார் முன்னிலையில் என்று எதுவும் இல்லை. "அந்த லாட்டைப் பேக் செய்யச் சொன்னது உண்மை. செக்கிங் முடியவில்லை, முடிந்ததும் செய்கிறேன் என்று சொன்னேன், வேலையை மறுக்கவில்லை. தகாத வார்த்தை எதுவும் பேசவில்லை. எந்த வார்த்தை, யார் முன்னிலையில் என்று நோட்டீஸில் இல்லை. தெரிவித்தால் விளக்கம் தருகிறேன்." சூப்பர்வைசரைப் பற்றி மச்சானுக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. அதை எழுதினால் அதுவே அடுத்த புகாராகிவிடும்.

மூன்றாவதில் ஆறு பெட்டிகளில் இரண்டின் பேக்கிங் லிஸ்ட்டில்தான் மச்சான் கையெழுத்து. அந்த இரண்டில் எம் சைஸும் எல் சைஸும் கலந்ததை ஒத்துக்கொண்டு, மற்ற நான்கும் அடுத்த ஷிப்டில் கட்டியவை என்று எழுதினோம். 42,000 ரூபாய்க்குக் கணக்கு கேட்டோம். சம்பளத்தில் நஷ்டத்தைப் பிடிக்க வேண்டுமானால், அது தொழிலாளியின் கவனக்குறைவால் நேரடியாக வந்ததாக இருக்க வேண்டும். பிடிப்பதற்கு முன் விளக்கம் சொல்ல அவருக்கு வாய்ப்பும் தர வேண்டும்.

3. முடிப்பதும் கொடுப்பதும்

"மேலே வெளிப்படையாக ஒத்துக்கொண்டவை தவிர மற்ற அனைத்தையும் மறுக்கிறேன். விசாரணை வைத்தால் ஒத்துழைப்பேன்" என்று முடியுங்கள். பதில் சொல்லாமல் விட்ட ஒரு வரியை ஒத்துக்கொண்டதாகக் காட்டாமல் இருக்க இந்த வாக்கியம் உதவும்.

பிரவுசிங் சென்டரில் கிடைக்கும் மாதிரிகளை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அவற்றில் பல, அரசு ஊழியர்களுக்கான 17(அ), 17(ஆ) மெமோவுக்கு எழுதியவை. தனியார் கம்பெனிக்குப் பொருந்தாது. வெள்ளைத்தாளில் சொந்தக் கையெழுத்தில் தமிழில் எழுதினாலே போதும். ஒரு ஜெராக்ஸில் ஆபீஸ் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். போட மறுத்தால் அன்றே ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பதிலின் நகலோடு பின் செய்து வையுங்கள்.

பிற்சேர்க்கை: ஈரோட்டிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: ஆபீஸில் உட்கார வைத்து, "நாங்க சொல்றதை அப்படியே எழுதிக் கொடுங்க, விட்டுடறோம்" என்கிறார்களாம். அங்கே எழுத வேண்டாம். "சரிங்க, குடுத்த நாளுக்குள்ள நானே எழுதிக் கொண்டு வந்து தர்றேனுங்க" என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள் என்றால், எந்தச் சூழலில் எழுதினீர்கள், யார் சொல்லச் சொல்ல எழுதினீர்கள் என்று அன்றோ மறுநாளோ கடிதம் எழுதி, அதையும் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். பல வாரம் கழித்து விசாரணையில் முதல்முறையாகச் சொன்னால் நம்ப வைப்பது கடினம்.