போனில் சொன்னால் போதாது, லெட்டர் வரட்டும்

நாகர்கோவிலில் வேலை பார்த்துக்கொண்டே திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் இன்டர்வியூ முடித்தான் என் தம்பி. போன் வந்தது: "செலக்ட் ஆயிட்டீங்க, ஒண்ணாம் தேதி சேரணும், உடனே ரிசைன் பண்ணுங்க."

அவன் ரிசைன் பண்ணவில்லை. அன்றே மெயில் போட்டான்: "மாதம் 32,000 என்று பேசினோம். ஆஃபர் லெட்டர் கிடைத்ததும் ராஜினாமா கொடுக்கிறேன். நோட்டீஸ் 30 நாள் என்பதால், லெட்டர் வந்த நாளிலிருந்து அதைக் கணக்கிட்டுச் சேரும் தேதி போடுங்கள்."

நான்கு நாள் கழித்து லெட்டர் வந்தது. 32,000 என்பது பி.எஃப். பிடிப்பதற்கு முந்தைய தொகையாம்! சேரும் தேதியும் காலி. இரண்டையும் கேட்டு, திருத்திய லெட்டர் வாங்கிய பிறகே பழைய ஆபீசில் வாய் திறந்தான். "நீங்க ரிசைன் பண்ணினாதான் லெட்டர்" என்கிற இடமென்றால், நான் நகரவே மாட்டேன்.