சொந்த போனில் ஆபீஸ் மெயில்: ஆள் வேலையை விடும்போது நடக்கும் தவறுகள்

2013-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு ஊழியர், தான் வேலையை விடப் போவதாகச் சொன்னார். நிறுவனம் உடனே அவரை அனுப்பிவிட்டது. சில நாட்களில் நிறுவனத்தின் கணினி நிர்வாகி அவருடைய சொந்த ஐபோனைத் தொலைவிலிருந்தே அழித்தார். ஆபீஸ் மெயிலோடு குடும்பப் படங்களும் தொடர்பு எண்களும் சேர்ந்து போய்விட்டன. அவர் வழக்குப் போட்டார். 2014 நவம்பரில் நீதிமன்றம், அவர் கைகாட்டிய இரண்டு மத்தியச் சட்டங்களும் இந்த இழப்புக்குப் பொருந்தாது என்று சொல்லி அந்தக் கோரிக்கைகளைத் தள்ளிவிட்டது. போன படங்கள் போனதுதான்.

அந்த நிர்வாகிக்கு அவ்வளவு அதிகாரம் எங்கிருந்து வந்தது? போனோடு வரும் மெயில் செயலியில் ஆபீஸ் கணக்கைச் சேர்த்தபோது வந்தது. ஆண்ட்ராய்டில் அந்த வழியாக, மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்சின் கணக்கைச் சேர்த்தால், நிர்வாக அனுமதி கேட்டு ஒரு திரை வரும். அதிலுள்ள பட்டியலில் Erase all data என்று ஒரு வரி இருக்கும். மெயில் வந்தால் போதும் என்று எல்லோரும் சம்மதம் கொடுத்துவிடுகிறார்கள். முதல் தவறு இங்கேதான். ஊழியரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வழியைத் திறந்து வைத்த நிறுவனத்தின் தவறு இது.

இதற்கு மாற்று பல வருடங்களாக இருக்கிறது. அவுட்லுக் செயலி வழியாக மட்டுமே மெயில் என்று வைத்தால், எக்ஸ்சேஞ்சிலிருந்து போகும் அழிப்புக் கட்டளை அந்தச் செயலிக்குள் உள்ளதை மட்டும்தான் தொடும். ஆண்ட்ராய்டில் பணி சுயவிவரம் என்ற தனி அறை 2014-இல் வந்த 5.0 பதிப்பிலிருந்தே உண்டு. அதிலுள்ள செயலிகளின் மேல் சின்னப் பெட்டி அடையாளம் தெரியும். சொந்த போனில் அமைத்தால், நிறுவனம் அந்த அறையை மட்டும் காலி செய்ய முடியும். ஐபோனில், சொந்த போனை நிறுவனத்தின் நிர்வாகத்தில் சேர்ப்பதற்கான பயனர் பதிவு முறை 2019-இல், ஐ.ஓ.எஸ். 13-உடன் வந்தது. அதில் முழு போனையும் அழிக்கும் வசதியே நிர்வாகிக்குக் கிடையாது.

அடுத்த தவறு, பொத்தானை மாற்றி அழுத்துவது. போன்களை நிர்வகிக்க மைக்ரோசாஃப்ட் தரும் இன்ட்யூனில் Retire என்றும் Wipe என்றும் இரண்டு இருக்கின்றன. Retire ஆபீஸ் சம்பந்தப்பட்டதை மட்டும் நீக்கும். Wipe போனைக் கடையிலிருந்து வந்த நிலைக்கே கொண்டுபோகும். எக்ஸ்சேஞ்சில் கட்டளையாகக் கொடுப்பவர்கள் கடைசிச் சொல்லை விடக் கூடாது:

```
Clear-MobileDevice -Identity "சாதன அடையாளம்" -AccountOnly
```

அந்த -AccountOnly இல்லையென்றால், போனோடு வந்த மெயில் செயலி வழியாக முழு போனையும் அழிக்கும் கட்டளை போய்விடும். பழைய போன்கள் சில கணக்கு மட்டும் அழிக்கும் முறையைப் புரிந்துகொள்ளாது. அப்போது அவசரப்பட்டு முழு அழிப்புக்குத் தாவாமல், ஆளைக் கூப்பிட்டு அவர் கண்முன்னே கணக்கை நீக்கச் சொல்லுங்கள்.

வரிசையும் முக்கியம். ஒருவர் வெள்ளிக்கிழமை மாலை விலகுகிறார் என்று வையுங்கள். முதலில் அவருடைய கணக்கில் உள்நுழைவதைத் தடுத்து, ஏற்கெனவே திறந்திருக்கும் அமர்வுகளை ரத்து செய்ய வேண்டும். அதற்குப் பிறகே கணக்கு அளவிலான அழிப்பு. ஏனென்றால் அழிப்புக் கட்டளை போன் இணையத்துக்கு வந்து சர்வரைத் தொடும்போதுதான் நிறைவேறும். அணைத்து வைத்த போனில் அது காத்துக்கொண்டே இருக்கும். அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று நினைத்துப் பதிவை மூடக் கூடாது. முடிந்ததற்கான நிலை வந்ததா என்று பார்க்க வேண்டும்.

அப்புறம் அந்தரங்கம். "நிறுவனம் தேவைப்பட்டால் தரவை அழிக்கலாம்" என்று ஒற்றை வரியில் கையெழுத்து வாங்கும் கொள்கைதான் நான் அதிகம் எதிர்க்கும் ஒன்று. எந்தத் தரவு, எப்போது, யார் முடிவெடுப்பது என்று எழுத வேண்டும். எதைப் பார்க்க முடியும் என்பதையும் சொல்ல வேண்டும். இன்ட்யூனில் பதிவான சொந்த போனில் மாடல், இயங்குதளப் பதிப்பு போன்றவை நிர்வாகிக்குத் தெரியும். அழைப்புப் பட்டியல், குறுஞ்செய்தி, படங்கள், உலாவி வரலாறு தெரியாது. இதைச் சொல்லாமல் விட்டால் ஆட்கள் பயந்துபோய், போன் தொலைந்தாலும் இரண்டு நாள் கழித்துத்தான் சொல்வார்கள். தொலைந்த போனுக்கு முழு அழிப்பு வேண்டுமா என்பதை அதன் சொந்தக்காரரிடம் கேளுங்கள். அவரே ஆப்பிள் அல்லது கூகுள் கணக்கு வழியாக அதைச் செய்துகொள்ளலாம்.

இன்னொன்று. எக்ஸ்சேஞ்சில் அழிப்பு நிறைவேறிய பிறகும் அந்தக் கட்டளை சாதனத்தின் பேரில் இருக்கும். தொலைந்த போன் திரும்பக் கிடைத்து, அதில் மெயிலை மறுபடி சேர்த்தால் மீண்டும் அழியும். ஆகவே மெயிலை மறுபடி சேர்ப்பதற்கு முன் அந்தச் சாதனத்தை எக்ஸ்சேஞ்சின் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.