பகலில் 96 காட்டினால் போதுமா? குறைமாதக் குழந்தையின் ஆக்சிஜனை நிறுத்துவதில் நேரும் தவறுகள்

26 வாரத்தில் பிறந்த குழந்தையின் நுரையீரலில் முறையான காற்றறைகள் இன்னும் உருவாகியிருக்காது. கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான் அவை பிரியத் தொடங்கும். பெரும்பகுதி பிறந்த பிறகே உருவாகும். அதற்கு முன்பே வெண்டிலேட்டரின் அழுத்தமும் கூடுதல் ஆக்சிஜனும் கிருமித் தொற்றும் சேர்ந்து தாக்கினால், அறைகள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் பெரிதாகவே நின்றுவிடும். கர்ப்ப வாரங்களையும் பிறந்த பின்னான வாரங்களையும் கூட்டி 36 வாரம் ஆன பிறகும் ஆக்சிஜன் தேவைப்பட்டால், மருத்துவர்கள் அதை பிராங்கோபல்மனரி டிஸ்பிளேசியா, சுருக்கமாக பி.பி.டி. என்பார்கள்.

இப்படிப்பட்ட ஒரு குழந்தையை வைத்துப் பார்ப்போம். பிறந்தபோது 850 கிராம். 39 வாரக் கணக்கில், மூக்குக் குழாயில் நிமிடத்துக்குக் கால் லிட்டர் ஆக்சிஜனோடு வீட்டுக்கு வருகிறது. சில வாரங்கள் கழித்து, விழித்து விளையாடும்போது குழாயைக் கழற்றிப் பார்க்கிறார்கள். ஆக்சிமீட்டர் 96 காட்டுகிறது. "மூக்கெல்லாம் புண்ணாகுது, அதான் நல்லா இருக்கானே" என்கிறார் பாட்டி. குழாய் அலமாரிக்குப் போகிறது.

பெரும்பாலான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. விழித்திருக்கும்போது நல்ல அளவு காட்டும் குழந்தை, தூக்கத்தில் மூச்சு மேலோட்டமாகும்போது 88, 86 என்று இறங்கலாம். பால் குடிக்கும்போதும் அப்படித்தான். விழுங்க ஒவ்வொரு முறையும் மூச்சை நிறுத்த வேண்டுமே. பொதுவாக 93 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று பார்ப்பார்கள் (உங்கள் மருத்துவர் சொல்லும் இலக்கே உங்களுக்குக் கணக்கு). இரவு முழுக்கக் குறைந்தே கிடந்தால் நுரையீரலின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். இதயத்தின் வலப்பக்கம் அந்த எதிர்ப்புக்கு எதிராகத் தள்ளித் தள்ளிச் சோர்ந்துபோகும். இதைக் கண்டுபிடிக்கத்தான் எக்கோ எடுக்கச் சொல்கிறார்கள். குழந்தை நீலம் பாரிக்கவில்லை என்பதால் எல்லாம் சரி என்று நினைக்கக் கூடாது. நீலம் கண்ணுக்குத் தெரிவதற்குள் அளவு நன்றாகவே இறங்கியிருக்கும்.

நம் குழந்தைக்கு அடுத்த வாரம் எடை பார்க்கிறார்கள். நாளுக்கு 25 கிராம் ஏறிக்கொண்டிருந்தது, இப்போது 8 கிராம்தான். பாதிப் பாலில் களைத்து விட்டுவிடுகிறது, நெற்றி வியர்க்கிறது. பால் பத்தவில்லை, பவுடரை மாற்றலாம் என்று வீட்டில் பேச்சு. குடித்த பாலின் சத்தெல்லாம் மூச்சு வாங்குவதற்கே செலவாகிறது என்பது யாருக்கும் தோன்றவில்லை. என்னைக் கேட்டால், இந்தக் குழந்தைகளின் வீட்டில் ஆக்சிமீட்டருக்கு நிகரான கருவி எடை மிஷின்தான். உடம்பு வளராமல் நுரையீரல் வளராது.

முறையாகக் குறைப்பது இப்படி. முதலில் ஆக்சிஜன் கொடுக்கும் அளவைப் பாதியாக்கி, இரவுத் தூக்கம் முழுவதையும் ஆக்சிமீட்டரில் பதிவு செய்து பார்ப்பார்கள். எடையும் தொடர்ந்து ஏறினால், பகலில் விழித்திருக்கும் நேரத்தில் ஓரிரு மணி நேரம் கழற்றலாம். அப்புறம் பகல் முழுக்க. இரவு ஆக்சிஜன்தான் கடைசியில் போகும்.

கருவியிலும் கோட்டை விடுகிறோம். பெரியவர்களுக்கான விரல் கிளிப் சிசுவுக்குப் பொருந்தாது. பாதத்தில் சுற்றும் சென்சார் வேண்டும். திரையில் தெரியும் நாடித்துடிப்பு உண்மையான துடிப்போடு ஒத்துப்போகாவிட்டால் பக்கத்தில் காட்டும் ஆக்சிஜன் எண்ணையும் நம்ப வேண்டாம். சிலிண்டரோடு வரும் சாதாரண ஃப்ளோமீட்டரில் 1 லிட்டருக்குக் கீழே சரியாக வைக்க முடியாது. கால் லிட்டர் வைக்க, குறைந்த அளவுகளுக்கென்றே உள்ள மீட்டரைக் கேட்டு வாங்குங்கள். மூக்குப் புண்ணுக்கு வாஸ்லின் தடவாதீர்கள். ஆக்சிஜன் பக்கத்தில் எண்ணெய்ப் பசை தீப்பிடிக்கும் ஆபத்து, அதனால் தண்ணீர் சார்ந்த களிம்பாகக் கேளுங்கள். குழாய் இருக்கும் அறையில் விளக்கும் ஏற்றக் கூடாது.

தீ ஆபத்தோடு புகையின் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. குளிப்பாட்டியதும் சாம்பிராணி காட்டுவது நம் வீடுகளில் விடாத வழக்கம். இந்தக் குழந்தைக்கு அது வேண்டவே வேண்டாம். கொசுவர்த்தியும் சிகரெட்டும் அப்படியே. சளி பிடித்தவர்கள் தூக்கிக் கொஞ்சுவதும்தான். மற்றவர்களுக்கு வெறும் ஜலதோஷமாகப் போகும் வைரஸ் இந்தக் குழந்தையை மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடும். தடுப்பூசிகளைப் பிறந்த தேதிக் கணக்கில் போட வேண்டும். தவழ்வது, உட்காருவது போன்ற வளர்ச்சியை மட்டும் மருத்துவர் முதலில் குறித்திருந்த பிரசவத் தேதிக் கணக்கில் பார்க்க வேண்டும். பல வீடுகளில் இந்த இரண்டையும் மாற்றிப் போட்டு, ஊசியைத் தள்ளிவைக்கிறார்கள்.

பிறகு நுரையீரல் என்ன ஆகும்? முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் புதிய காற்றறைகள் வேகமாக உருவாகும். அதன்பின்னும் மெதுவாகத் தொடரும். பெரும்பாலான குழந்தைகள் இந்தக் காலத்துக்குள் ஆக்சிஜனை விட்டுவிடுவார்கள். ஆனால் குழாய் போனதும் பி.பி.டி. போய்விட்டது என்று ஃபைலைப் பரணில் போடுவதும் ஒரு தவறு. பள்ளி வயதில் ஊதிப் பார்க்கும் பரிசோதனை செய்தால் காற்று வெளியேறும் வேகம் பலருக்குக் குறைவாகவே இருக்கும். ஓடினால் வீசிங் வரும். ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்தால் சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. பாதிப்பின் தன்மை வேறு என்பதால் அப்படி. எனவே எந்த வயதில் எந்த மருத்துவரிடம் மூச்சுப் பிரச்சினைக்குப் போனாலும், எத்தனை வாரத்தில் பிறந்தது, எத்தனை மாதம் ஆக்சிஜனில் இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.