முதல் ஃபுல் மாரத்தானுக்கான சாப்பாட்டுக் கணக்கு: இரண்டு நாள் முன்பிருந்து ஓடி முடித்த மாலை வரை

பிப்ரவரி மாதம் ஆரோவில் செம்மண் பாதையில் முதல்முறையாக 42.2 கிலோமீட்டர் ஓடப்போகிறவருக்காக இது. எடை 60 கிலோ, ஓடி முடிக்க ஐந்து மணி நேரம் ஆகும், காலை 5 மணிக்குத் தொடக்கம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் எடை வேறு என்றால் கிராம் கணக்கை அதே விகிதத்தில் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்த அளவுகளை அப்படியே எடுக்க வேண்டாம். உங்கள் மருத்துவரோடு உட்கார்ந்து தனிக் கணக்குப் போட வேண்டும்.

முதலில் ஏன் என்பது. நாம் சாப்பிடும் மாவுச்சத்தைத் தசைகளும் கல்லீரலும் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமிக்கின்றன. தசைகளில் சுமார் 400 கிராம், கல்லீரலில் சுமார் 100 கிராம். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 2,000 கலோரி. ஒரு கிலோமீட்டர் ஓட ஒரு கிலோ எடைக்குச் சுமார் ஒரு கலோரி செலவாகும், ஆகவே 60 கிலோக்காரருக்கு 42 கிலோமீட்டருக்கு 2,500 கலோரிக்கு மேல் வேண்டும். கொழுப்பும் எரியும், ஆனால் மெதுவாகத்தான் எரியும், வேகத்தைத் தாங்காது. முப்பது கிலோமீட்டரைத் தாண்டியதும் கால் ஈயம் போலக் கனப்பதும், தலை கிறுகிறுப்பதும், காரணமே இல்லாமல் எரிச்சல் வருவதும் இந்தக் கையிருப்பு தீர்ந்துபோவதால்தான். அதனால் மூன்று வேலைகள்: புறப்படும் முன் கையிருப்பை நிரப்புவது, வழியில் தீராமல் பார்த்துக்கொள்வது, முடித்தபின் திரும்ப நிரப்புவது.

படி 1: வெள்ளி, சனி இரண்டு நாளும் நிரப்புதல்

ஞாயிறு ஓட்டம் என்றால் வெள்ளி காலையில் தொடங்குங்கள். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 கிராம் மாவுச்சத்து. நம் 60 கிலோக்காரருக்கு 480 முதல் 600 கிராம். முதல்முறை என்பதால் 500 கிராம் போதும்.

1960-களில் வந்த பழைய முறையில், முதலில் சில நாள் மாவுச்சத்தே சாப்பிடாமல் கடுமையாக ஓடித் தசையைக் காலியாக்கிவிட்டுப் பிறகு நிரப்பச் சொல்வார்கள். 1981-இல் வந்த ஆய்வு, அந்தக் காலியாக்கும் கட்டம் இல்லாமலே கையிருப்பு அதே அளவுக்கு ஏறுகிறது என்று காட்டிவிட்டது. ஓட்டத்தைக் குறைத்து, மாவுச்சத்தைக் கூட்டினால் போதும். இன்னும் சிலர் பழைய முறையைச் சொல்லிக்கொடுக்கிறார்கள், கேட்காதீர்கள். போட்டி வாரத்தில் உடம்பைச் சோர்வாக்குவதுதான் அதில் மிஞ்சும்.

500 கிராம் எப்படி இருக்கும்? காலை டீ அல்லது காபியில் மூன்று ஸ்பூன் சர்க்கரை. பிறகு ஆறு இட்லி, கொஞ்சம் சாம்பார், தொட்டுக்கொள்ள சர்க்கரை, ஒரு பெரிய வாழைப்பழம். இதுவே 115 கிராமுக்கு வந்துவிடும். பதினொரு மணிக்கு ஒரு டம்ளர் நன்னாரி சர்பத், ஜாம் தடவிய வெள்ளை பிரெட் இரண்டு துண்டு: 75. மதியம் 150 கிராம் அரிசி வடித்த சோறு, ரசம், தயிர்: 120. நாலு மணிக்கு ஒரு பிடி வெல்லம் கலந்த 50 கிராம் அவல்: 60. இரவு ஐந்து இடியாப்பம், சர்க்கரை, தண்ணியான தேங்காய்ப்பால்: 90. படுக்கும் முன் நான்கு பேரீச்சை, ஒரு வாழைப்பழம்: 45. மொத்தம் 505.

இதில் எண்ணெயும் நெய்யும் குறைவாக இருப்பதைக் கவனியுங்கள். பெரும்பாலானவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். நிரப்புவது என்றால் எல்லாவற்றையும் அதிகம் சாப்பிடுவது என்று நினைத்து சனி இரவு பிரியாணி, பரோட்டா, நெய் ரோஸ்ட் என்று போகிறார்கள். அதில் பாதிக் கலோரி கொழுப்பிலிருந்து வந்துவிடும், வயிறும் மந்தமாகும், ஆனால் சேர வேண்டிய மாவுச்சத்து சேர்ந்திருக்காது. பண்ருட்டி முந்திரி நம் ஊரில் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது, ஆனால் அதில் கொழுப்புதான் அதிகம். ஞாயிறு மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மொத்தச் சாப்பாட்டைப் பெருக்காமல், தட்டில் கொழுப்பும் புரதமும் இருந்த இடத்தை மாவுச்சத்துக்குக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, வழக்கமான ஆரோக்கிய அறிவுரைக்கு நேர் எதிரானது. இந்த இரண்டு நாளும் கீரை, சிறுதானியம், சுண்டல், முழுப் பயறு, பலாச்சுளை எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். நார்ச்சத்து சீக்கிரம் வயிற்றை நிறைத்துவிடும், 500 கிராம் உள்ளே போகாது. போட்டி நடுவில் கழிப்பறை தேட வைப்பதும் பெரும்பாலும் அதுதான். வெள்ளைச் சோறும் வெள்ளை பிரெட்டும் இரண்டு நாளைக்கு நல்லவைதான்.

சனி மாலை எடை பார்த்தால் ஒன்று, ஒன்றரை கிலோ ஏறியிருக்கும். பயப்படாதீர்கள். ஒரு கிராம் கிளைக்கோஜனோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரும் சேர்ந்து தங்குகிறது. எடை ஏறியிருந்தால் நிரம்பியிருக்கிறது என்று அர்த்தம், கொழுப்பு போட்டுவிடவில்லை.

படி 2: ஓட்டத்தன்று விடியற்காலை

ராத்திரி தூங்கும்போது தசையில் சேர்த்தது அப்படியே இருக்கும், கல்லீரலில் இருப்பதுதான் குறைந்துபோகும். இரவெல்லாம் மூளைக்கும் ரத்தத்துக்கும் சர்க்கரை கொடுப்பது அதுதான். ஆகவே வெறும் வயிற்றோடு தொடக்கக் கோட்டுக்குப் போகக் கூடாது. 5 மணி ஓட்டத்துக்கு 2.30-க்கு எழுந்து 3 மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள். நான்கு இட்லி, இரண்டு ஸ்பூன் சர்க்கரை, ஒரு பூவன் பழம், இது 70 கிராமுக்கு மேல் வரும். தேங்காய்ச் சட்னி, நல்லெண்ணெய் விட்ட மிளகாய்ப்பொடி இரண்டும் வேண்டாம். தினமும் காபி குடிப்பவர் குடிக்கலாம். குடிக்காதவர் அன்றைக்குப் பழக்கம் ஆரம்பிக்க வேண்டாம்.

தூக்கக் கலக்கத்தில் இட்லி இறங்காதவர்களுக்கு ஒரு வழி: இரண்டு வாழைப்பழமும் ஒரு டம்ளர் சர்க்கரை கலந்த எலுமிச்சைச் சாறும்.

படி 3: ஓடும்போது

மணிக்கு 45 கிராமை இலக்காக வையுங்கள். முதல்முறை ஓடுபவருக்கு 30 முதல் 60 கிராமுக்குள் எதுவும் சரி. 60-க்கு மேல் குளுக்கோஸாக மட்டும் கொடுத்தால் குடல் உறிஞ்சாது. குளுக்கோஸை உள்ளே எடுத்துச்செல்லும் வாசலின் கொள்ளளவு ஏறக்குறைய அவ்வளவுதான். ஃப்ரக்டோஸுக்குத் தனி வாசல் இருக்கிறது, அதனால் இரண்டும் கலந்தால் பழகியவர்கள் 90 கிராம் வரை போகலாம். நம் வீட்டுச் சர்க்கரையில் இரண்டும் சரிபாதியாக இருக்கிறது. கடையில் வாங்கும் பானம் இல்லாமலே வேலை நடக்கும்.

கலவை இது: அரை லிட்டர் தண்ணீர், 30 கிராம் சர்க்கரை, அதாவது தலைதட்டிய ஏழு டீஸ்பூன், கால் டீஸ்பூனில் பாதி உப்பு, அரை மூடி எலுமிச்சைச் சாறு. மணிக்கு ஒரு அரை லிட்டர் இது, கூடவே ஒரு பூவன் பழம். 30-உம் 15-உம் சேர்ந்து 45. ஐந்து மணி நேரத்துக்கான இரண்டரை லிட்டரையும் சுமக்க வேண்டியதில்லை. இரண்டு அரை லிட்டர் பாட்டில்களைக் கலந்து எடுத்துக்கொள்ளுங்கள். மீதி மூன்று வேளைக்குச் சர்க்கரையையும் உப்பையும் எடை போட்டு மூன்று சின்னப் பொட்டலமாக இடுப்புப் பையில் வையுங்கள். தண்ணீர் கொடுக்கும் இடத்தில் நிரப்பிக் குலுக்கிக்கொள்ளலாம். செம்மண் பாதையில் பொட்டலம் பிரிக்கும்போது நிற்பதே நல்லது, பத்து விநாடி போனால் போகட்டும்.

ஜெல் பிடித்தவர்கள் அரை மணிக்கு ஒன்று எடுக்கலாம். ஒன்றில் பொதுவாக 20 முதல் 25 கிராம் இருக்கும், பாக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஜெல்லோடு வெறும் தண்ணீர்தான் குடிக்க வேண்டும். ஜெல்லும் சர்க்கரைப் பானமும் ஒன்றாகப் போனால் கலவை கெட்டியாகிவிடும். குடல் அதை நீர்க்க வைக்க உடம்பிலிருந்தே தண்ணீரை இழுக்கும். அப்போதுதான் வயிறு முறுக்கி, பேதி வருகிறது. வயிற்றில் தண்ணீர் குலுங்கும் சத்தம் கேட்டால் இன்னும் இறங்கவில்லை என்று பொருள். வேகத்தைக் குறைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் வெறும் தண்ணீர் மட்டும் சின்னச் சின்ன வாயாகக் குடியுங்கள்.

முக்கியமானது நேரம். 30-ஆவது நிமிடத்தில் முதல் வாய் உள்ளே போயிருக்க வேண்டும். நன்றாகத்தானே ஓடுகிறோம், பசிக்கவில்லையே என்று இரண்டு மணி நேரம் தள்ளிப்போட்டால் பிறகு ஈடுகட்ட முடியாது. கைக்கடிகாரத்தில் அரை மணிக்கு ஒரு அலாரம் வையுங்கள்.

இளநீர் பற்றி எல்லோரும் கேட்பார்கள். தாகத்துக்கு நல்லது, ஆனால் ஒரு டம்ளரில் பத்து கிராம் அளவுக்குத்தான் சர்க்கரை, சோடியமும் குறைவு. எரிபொருளாக அதை மட்டும் நம்பக் கூடாது. ஓஆர்எஸ்ஸும் அப்படித்தான்: லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ் மட்டுமே. அது பேதிக்கான மருந்து, ஓட்டச் சாப்பாடு ஆகாது.

நம் கடற்கரைப் புழுக்கத்தில் எவ்வளவு வியர்க்கிறது என்று ஒருமுறை அளந்து பாருங்கள். கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரம் ஓடும் முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் போயிருக்கிறது. அதற்காக முழுவதையும் வழியிலேயே குடித்து ஈடுகட்ட வேண்டாம். ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தால் அது ஆபத்து. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் வாந்தி, தலைவலி, குழப்பம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படிப்பட்டவருக்கு மேலும் தண்ணீர் கொடுக்காமல் உடனே மருத்துவக் குழுவிடம் கொண்டுபோக வேண்டும்.

இதில் எதையும் போட்டியன்று முதன்முதலாகச் செய்யாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் ஞாயிறுகளில், குறைந்தது நான்கில், விடியற்காலை இட்லி முதல் பொட்டலம் வரை அப்படியே பழகுங்கள். முதலில் மணிக்கு 30 கிராமில் தொடங்குங்கள். குடலும் பழகும்.

படி 4: முடித்தபின்

கோட்டைத் தாண்டியதும் உட்காராமல் நடந்துகொண்டே உப்புப் போட்ட மோர் ஒரு டம்ளர், ஒரு வாழைப்பழம். ஒரு மணி நேரத்துக்குள் ஐந்து இட்லி, நிறைய சாம்பார், இரண்டு அவித்த முட்டை. 60 கிராம் மாவுச்சத்தும் 20 கிராமுக்கு மேல் புரதமும் வந்துவிடும். முட்டை சாப்பிடாதவர்கள் பெரிய டம்ளர் பாலும் கெட்டித் தயிரும் சேர்த்துக்கொள்ளலாம். மதியம் சோறும் மீன் குழம்பும் தாராளமாக. கீரையும் பயறும் திரும்ப வரலாம்.

குறைந்த எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை, சில மணி நேரத்தில் பரவலாகக் குடியுங்கள், உப்புள்ள சாப்பாட்டோடு. வெறும் தண்ணீர் மட்டும் என்றால் பெரும்பகுதி சிறுநீராகப் போய்விடும். புதுச்சேரி என்பதால் இதையும் சொல்ல வேண்டும்: அன்று பீர் வேண்டாம். சிறுநீரைக் கூட்டி நீர் திரும்பச் சேர்வதைத் தாமதப்படுத்தும், பசியை அடக்கி அந்த மதியச் சோற்றின் இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

மறுநாள் ஓட்டம் இல்லாதவருக்கு மணிக்கணக்குப் பார்த்து நிரப்பும் அவசரம் இல்லை. வழக்கமான மூன்று வேளைச் சாப்பாட்டில் ஓரிரு நாளில் கையிருப்பு பெரும்பாலும் திரும்பிவிடும். தசைகளில் சிதைவு இருப்பதால் ஃபுல் மாரத்தானுக்குப் பிறகு அது வழக்கத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக நடக்கும். அந்த வாரம் படி ஏறும்போதே கால் கனத்தால் ஓட்டத்தைத் தள்ளிவைத்து, சோற்றைக் குறைக்காமல் சாப்பிடுங்கள்.