நீக்கினாலும் போகாத செயலிகள்

அம்மாவின் போனில் இடம் நிரம்பிவிட்டது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கையில் எடுத்தேன். போனோடு வந்த செயலிகளில் அவர் தொடவே தொடாதவற்றை ஒவ்வொன்றாக முடக்கிக்கொண்டே வந்தேன். அந்த வரிசையில் குறிப்புகள் எழுதும் செயலியும் இருந்தது. Disable-ஐ அழுத்தியதும் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்தது. படிக்காமலே OK கொடுத்தேன். மாலையில் அம்மா, "பால் கணக்கு எழுதி வச்சிருந்தேனே, எங்கப்பா?" என்று கேட்டபோதுதான் நான் எதற்குச் சம்மதம் சொன்னேன் என்பது புரிந்தது. ஆறு மாதக் கணக்கு போயிருந்தது. அவர் தொடாத செயலி என்று நினைத்தது நான்தான். காலையில் பால்காரர் வந்து போனதும் அவர் அதைத் தினமும் திறந்திருக்கிறார்.

அந்தக் கேள்வி கேட்டது இதுதான்: இந்தச் செயலியைத் தொழிற்சாலைப் பதிப்புக்கு மாற்றட்டுமா, தரவு எல்லாம் அழிந்துவிடும். இது புரிய வேண்டுமென்றால் ஆண்ட்ராய்டு போனில் ஒரு செயலி எங்கே குடியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

போனின் சேமிப்பகத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று சிஸ்டம் பகுதி. தயாரிப்பு நிறுவனம் அதில் செயலிகளை வைத்துப் பூட்டி அனுப்புகிறது. சாதாரணப் பயன்பாட்டில் படிக்க மட்டும்தான் முடியும், எழுத முடியாது. மற்றொன்று தரவுப் பகுதி. நீங்கள் பிளே ஸ்டோரில் இறக்கும் செயலிகள், உங்கள் கோப்புகள், செயலிகளின் கணக்குவழக்கு எல்லாம் இங்கேதான். போனோடு வந்த செயலிக்கு அப்டேட் வரும்போது பூட்டிய பகுதியில் இருக்கும் பழைய பிரதியைத் தொட முடியாது. அதனால் புதிய பிரதி தரவுப் பகுதியில் வந்து உட்காருகிறது. ஆக, ஒரே செயலிக்கு இரண்டு பிரதிகள். ஓடுவது புதியது, பழையது அடியில் அப்படியே கிடக்கும்.

இதைத் தெரிந்துகொண்டால் பொத்தான்களின் அர்த்தம் தானாகப் பிரிகிறது. Uninstall என்பது நீங்களே போட்ட செயலிகளுக்கு; செயலியும் அதன் உள் தரவும் உண்மையாகவே போய்விடும். Uninstall updates என்பது மேலே இருக்கும் புதிய பிரதியையும் தரவையும் எடுத்துவிட்டுப் பழையதற்குத் திரும்புவது. Disable என்பது செயலியை ஓடவிடாமல் நிறுத்தி, முகப்பிலிருந்தும் மறைப்பது. அப்டேட் வாங்கிய செயலியை முடக்கும்போது அப்டேட்டையும் சேர்த்து எடுக்கட்டுமா என்று பல போன்கள் கேட்கும். நான் படிக்காமல் தாண்டிய கேள்வி அதுதான்.

இதிலிருந்து முதல் தவறு தெளிவாகிறது: முடக்கினால் இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கை. கிடைப்பது அப்டேட்டும் தரவும் தின்ற இடம் மட்டுமே. பூட்டிய பகுதியில் இருக்கும் பிரதியின் இடம் உங்களுக்கு என்றைக்கும் வராது. முடக்குவதால் வரும் உண்மையான லாபம் வேறு: பின்னணியில் ஓடுவது, அறிவிப்புகள், இணையத்தோடு பேசுவது ஆகியவை நின்றுபோகும்.

இரண்டாவது தவறு என் கண்ணில் இன்னும் மோசமானது. Disable-ஐ விட்டுவிட்டு Uninstall updates-ஐ மட்டும் அழுத்தி, செயலி ஒழிந்தது என்று விட்டுவிடுவது. ஒழியவில்லை. போன் வாங்கியபோது இருந்த பழைய பதிப்பு, அதற்குப் பிறகு அடைக்கப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகளோடு, உயிரோடு ஓடிக்கொண்டிருக்கும். அப்புறம் பிளே ஸ்டோர் அதை மறுபடியும் அப்டேட் செய்து பழைய நிலைக்கே கொண்டுவரும். முடக்கிய பழைய பதிப்பு ஓடாது, அதனால் பெரிய கவலை இல்லை. முடக்காத பழைய பதிப்புதான் ஆபத்து.

சரி, எதை முடக்கலாம்? பெயரைப் பார்த்து முடிவு செய்வதில்தான் பலரும் வழுக்குகிறார்கள். பட்டியலில் Android System WebView என்று ஒன்று இருக்கும். திறந்து பார்க்க அதற்கு முகமே கிடையாது. ஆனால் மற்ற செயலிகள் தமக்குள் ஒரு வலைப்பக்கத்தைக் காட்டும்போது அந்த வேலையைச் செய்வது அதுதான். 2021 மார்ச்சில் அதில் ஒரு கோளாறு வந்தபோது, ஜிமெயில் உட்படப் பல செயலிகள் திறந்தவுடன் மூடிக்கொண்டன. செயலிகள் தப்பு செய்யவில்லை, அவை சாய்ந்திருந்த சுவர் ஆடியது. Google Play services-ம் இப்படித்தான். இருப்பிடம், அறிவிப்பு, கணக்கில் உள்நுழைவு என்று பல செயலிகள் அதன் மேல் நிற்கின்றன.

எனவே கேட்க வேண்டியது நான் இதைப் பயன்படுத்துகிறேனா என்பது அல்ல, இதை வேறு யார் பயன்படுத்துகிறார்கள் என்பது. முகப்பில் தனி ஐகானோடு, தானே ஒரு வேலை செய்து முடிக்கும் செயலி என்றால் பெரும்பாலும் முடக்கலாம்: விளையாட்டு, கடை, செய்தி, இரண்டாவது இசைச் செயலி. ஐகான் இல்லாததைச் சந்தேகத்தோடு பாருங்கள். இதற்கும் விதிவிலக்கு உண்டு. பல போன்களில் பேஸ்புக்கோடு com.facebook.appmanager, com.facebook.services, com.facebook.system என்று ஐகானே இல்லாத மூன்று உடன்வரும். அவற்றை வேறு எதுவும் நம்பி இருப்பதில்லை. பேஸ்புக்கை மட்டும் முடக்கிவிட்டு இவற்றை விட்டுவைத்தால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

தொலைபேசி, குறுஞ்செய்தி, முகப்பு, விசைப்பலகை ஆகிய நான்கையும் முடக்குமுன் மாற்று ஒன்றைப் போட்டு, அதையே இயல்புநிலையாக அமைக்க வேண்டும். விசைப்பலகையில் ஒரு கண்ணி இருக்கிறது. போனை அணைத்துப் போட்டதும், முதல் முறை கடவுச்சொல் கொடுக்கும் வரை உங்கள் தரவு பூட்டியே இருக்கும். நீங்கள் இறக்கிய விசைப்பலகை அந்த நிலையில் ஓடும்படி எழுதப்படாமல் இருந்தால், எழுத்துகள் கொண்ட கடவுச்சொல்லை அடிக்கவே முடியாது. எண்களால் ஆன PIN வைத்தவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, அதற்குப் பூட்டுத்திரையிலேயே விசைகள் உண்டு. போனோடு வந்த விசைப்பலகையை நான் முடக்குவதே இல்லை.

Disable பொத்தான் சாம்பல் நிறத்தில் அழுந்தாமல் இருந்தால் கணினியோடு கேபிளில் இணைத்து, அங்கிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் adb என்ற கருவி வழியாக எடுக்கலாம் என்று காணொளிகள் சொல்கின்றன. எடுக்கலாம்தான். கட்டளை இது:

```
adb shell pm uninstall -k --user 0 com.facebook.appmanager
```

இதில் `--user 0` என்பதைக் கவனியுங்கள். இந்தப் பயனருக்கு மட்டும் நீக்கு என்று அர்த்தம், போனிலிருந்து நீக்கு என்றல்ல. `-k` தரவை விட்டுவைக்கச் சொல்கிறது. பூட்டிய பகுதியில் கோப்பு அப்படியே இருக்கிறது. தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பினால் செயலி மறுபடி வந்து நிற்கும். அதனால்தான் திரும்பக் கொண்டுவரவும் பதிவிறக்கம் எதுவும் தேவையில்லை:

```
adb shell cmd package install-existing com.facebook.appmanager
```

இணையத்தில் கிடைக்கும் நூறு பெயர்ப் பட்டியலை அப்படியே ஒட்டி ஓடவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. அந்தப் பட்டியல் வேறொரு மாடலுக்கு எழுதப்பட்டது. சில நிறுவனங்களின் போன்கள் தங்கள் பாதுகாப்புச் செயலி இல்லையென்றால் துவங்கும்போதே சுழன்றுகொண்டிருக்கும். அந்த நிலையில் adb-யும் எட்டாமல் போகலாம். தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்புவதே வழியாகிவிடும், அதில் உங்கள் தரவு போய்விடும். ஒன்றை முடக்கி, ஒரு முறை போனை மறுதொடக்கம் செய்து, இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். முடக்கியவற்றின் பெயரை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பத்து நாள் கழித்து இருப்பிடம் காட்டவில்லை என்றால் எதை எழுப்புவது என்று தேட வேண்டியிருக்காது.

நீக்கினால் உண்மையில் என்ன போகிறது என்பதில் ஒரு பாக்கி இருக்கிறது. செயலியின் உள் தரவு, தற்காலிகக் கோப்புகள், Android/data கோப்புறையில் அதன் பெயரில் இருப்பவை போகும். DCIM, Download கோப்புறைகளில் சேமித்த படங்களும் கோப்புகளும் தங்கிவிடும். சேவையகத்தில் இருக்கும் கணக்கு, அங்கே ஏற்கெனவே ஏறிவிட்ட தொடர்புப் பட்டியல், மாதச் சந்தா எதுவும் அசையாது. சந்தாவைத் தனியாக ரத்து செய்ய வேண்டும். கணக்கை அந்தச் சேவைக்குள் போய்த்தான் மூட வேண்டும், அதுவும் செயலியை எடுப்பதற்கு முன் செய்தால் உள்நுழைவுத் தொல்லை இல்லை.

அம்மா இப்போது பால் கணக்கை நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதுகிறார். போனில் எழுதச் சொல்லி நான் கேட்கவும் இல்லை.