சந்தா சீட்டுகளைக் கணினியில் ஏற்றியபோது நேர்ந்த தவறுகள்: பொருளாளரின் கடிதம்

போச்சம்பள்ளி

அன்புள்ள சுய உதவிக் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் 15 பேரின் கடந்த ஓராண்டுச் சந்தா சீட்டுகளைக் கணினியில் ஏற்றும் வேலை முடிந்துவிட்டது. ஏற்றியபோது நான் செய்த தவறுகளையும் அவற்றைத் திருத்திய முறையையும், அடுத்து கணக்கு எழுதுபவருக்கும் உதவும் என்பதால், எழுதுகிறேன்.

செப்டம்பர் மாத வரவு ரொக்கப் புத்தகத்தில் 11,450 ரூபாயாகவும் கணினியில் 11,360 ரூபாயாகவும் இருந்தது. வித்தியாசம் 90 ரூபாய். வித்தியாசம் 9-ஆல் மீதமின்றி வகுபட்டால், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். அப்படித் தேடியபோது, மஞ்சள் கறை படிந்த ஒரு சீட்டில் கடன் அசல் 'அறுநூற்று ஐம்பது' என்று எழுத்திலும் இருக்க, நான் 560 என்று பதிந்திருந்தது தெரிந்தது. தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதும் வழக்கத்தைத் தயவுசெய்து யாரும் கைவிடாதீர்கள்.

ஆனால் கூட்டுத்தொகை ஒத்துப்போனால் கணக்கு சரி என்று நினைத்துவிடக் கூடாது. என்னை அதிகம் வருந்தவைத்த தவறு அங்கேதான் ஒளிந்திருந்தது. மாங்காய் பறிப்பு வேலைக்குப் போனதால் ஜூன் கூட்டத்துக்கு வர இயலாத ஓர் உறுப்பினர், ஜூலையில் இரண்டு மாதச் சந்தாவாக 400 ரூபாய் கட்டினார். சீட்டின் தேதியை மட்டும் பார்த்து முழுத்தொகையையும் ஜூலையில் பதிந்ததால், கணினியில் அவர் பெயருக்கு நேரே ஜூன் மாதம் நிலுவையில் நின்றது. குழுவின் மொத்த வரவில் ஒரு ரூபாயும் குறையவில்லை. ஒழுங்காகக் கட்டியவர் மட்டும் கட்டாதவராகிவிட்டார். ஒழுங்கான சேமிப்பு பஞ்ச சூத்திரத்தில் ஒன்று என்பதால், கடன் கேட்கும் நேரத்தில் இந்த நிலுவை அவரையும் குழுவையும் பாதித்திருக்கும். இப்போது பணம் பெற்ற தேதிக்கு ஒரு பத்தியும், எந்த மாதச் சந்தா என்பதற்குத் தனியே ஒரு பத்தியும் வைத்திருக்கிறேன்.

ஒரே பெயருள்ள இருவரில் ஒருவரின் 200 ரூபாய் மற்றவர் கணக்கில் ஏறியதும் இதே வகைதான். தனிநபர் பாஸ்புத்தகத்தோடு வரி வரியாக ஒப்பிட்டபோதுதான் அது தெரிந்தது. இனி பெயரோடு உறுப்பினர் எண்ணும் சீட்டில் இருக்க வேண்டும்.

தவறான பதிவு எதையும் நான் அழிக்கவில்லை. அழித்தால் முன்பு என்ன இருந்தது, ஏன் மாறியது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. தவறான தொகையைக் கழித்து ஒரு வரியும், சரியான தொகையைச் சேர்த்து மற்றொரு வரியும் எழுதி, காரணத்தைப் பக்கத்திலேயே குறித்திருக்கிறேன். மூலச் சீட்டுகள் மாதவாரியாகக் கட்டி வைக்கப்பட்டுள்ளன.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் பாஸ்புத்தகத்தோடு வாருங்கள். உங்கள் வரியை உங்கள் முன்னிலையில் படிக்கிறேன். ஒத்திருந்தால் மட்டும் கையொப்பமிடுங்கள். அதன்பின் திருத்தங்களைத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்வோம்.

இப்படிக்கு,
பொருளாளர்